ஒரே எடைக் கம்பி, இரண்டு வகைக் கட்டு: நான்கு பைல்களுக்கு மேல் ஒரு பைல் கேப்

1973-ல் இங்கிலாந்தின் சிமென்ட் அண்ட் கான்கிரீட் அசோசியேஷன் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டது. ஜே. எல். கிளார்க் என்ற ஆய்வாளர் நான்கு பைல்களை இணைக்கும் பைல் கேப்புகளைப் பாதி அளவில் வார்த்து, அவை உடையும் வரை சுமை ஏற்றிப் பார்த்திருந்தார். மொத்தம் 15 கேப்புகள். சிலவற்றில் கம்பியை வலைபோல அகலம் முழுவதும் சமமாகப் பரப்பினார். சிலவற்றில் அதே அளவு கம்பியை பைல்களின் தலைக்கு மேல் போகும் பட்டைகளில் நெருக்கிக் கட்டினார். கம்பியின் அளவை மாற்றவில்லை, கட்டிய இடத்தை மட்டும் மாற்றினார். பட்டைகளாகக் கட்டியவை ஏறத்தாழ கால் பங்கு அதிகச் சுமை தாங்கின.

இந்தக் கால் பங்குக்குச் செலவு எதுவும் கிடையாது. ஆனாலும் இன்றுவரை பல கட்டுமானத் தளங்களில் பைல் கேப்பின் அடிக்கம்பி ஒரு தரைத்தளக் கான்கிரீட்டுக்குக் கட்டுவதைப் போலச் சம இடைவெளியில்தான் விழுகிறது. பைல் கேப்புக்குள் சுமை எந்த வழியில் இறங்குகிறது என்பதைப் பார்த்தால்தான் அது ஏன் தவறு என்று விளங்கும்.

தென்சென்னையில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகளில் மேல்மண் இளகிய களிமண். அங்கே அடுக்குமாடிக் கட்டடத்தின் தூணைச் சாதாரண அடித்தளத்தில் நிறுத்தினால் கட்டடம் சீரில்லாமல் இறங்கும். அதனால் தரையைத் துளைத்து, கம்பிக்கூடு இறக்கி, கான்கிரீட் நிரப்பி, உறுதியான அடுக்கு வரை பைல் போடுகிறார்கள். ஒரு தூணின் சுமைக்கு ஒரு பைல் போதாதபோது இரண்டு, மூன்று, நான்கு என்று போட்டு, அவற்றின் தலைகளை ஒரு கனத்த கான்கிரீட் கட்டியால் இணைக்கிறார்கள். அதுதான் பைல் கேப். தூண் அதன் நடுவில் நிற்கும். பைல்கள் நான்கு மூலைகளிலும் இருக்கும். எந்தப் பைலும் தூணுக்கு நேர் கீழே இருக்காது. வடிவமைப்பின் சிக்கல் அத்தனையும் இங்கேதான் பிறக்கிறது: நடுவில் இறங்கும் சுமை பக்கவாட்டில் நகர்ந்து நான்கு மூலைகளுக்குப் போயாக வேண்டும்.

ஒரு தூணை எடுத்துக்கொள்வோம். 450 மி.மீ. சதுரத் தூண். அன்றாடப் பயன்பாட்டில் அது சுமப்பது 200 டன். பைலின் விட்டம் 500 மி.மீ. மண் ஆய்வும் சுமைச் சோதனையும் ஒரு பைலுக்கு 60 டன் பாதுகாப்பானது என்று சொல்கின்றன. இந்திய பைல் விதிநூலான ஐ.எஸ். 2911, மண்ணின் உராய்வை நம்பி நிற்கும் பைல்களுக்கு இடையே விட்டத்தைப் போல 3 மடங்கு இடைவெளி கேட்கிறது. ஆகவே மையத்திலிருந்து மையத்துக்கு 1500 மி.மீ. வெளிப் பைலின் விளிம்பைத் தாண்டி 150 மி.மீ. கான்கிரீட் நீண்டிருக்க வேண்டும் என்பதும் அதே விதிநூலின் சொல். 1500, பைலின் விட்டம் 500, இருபுறமும் 150 என்று கூட்டினால் கேப் 2300 மி.மீ. சதுரம்.

கனம் மட்டும் இன்னும் தெரியாது. 900 மி.மீ. என்று வைத்துப் பார்க்கலாம். கேப்பின் சொந்த எடை சுமார் 12 டன். மொத்தம் 212 டன்னை நான்கால் வகுத்தால் ஒரு பைலுக்கு 53 டன். அனுமதி 60 டன். மீதியிருக்கும் 7 டன்னை வீண் என்று நினைத்துவிடக் கூடாது. பைல் போடும் இயந்திரம் சேற்றில் நின்று துளைக்கிறது, குறித்த புள்ளியில் துல்லியமாக இறங்காது. இந்த விட்டத்துக்கு விதிநூல் 75 மி.மீ. வரை பிசகை ஒப்புக்கொள்கிறது. நான்கு பைல்களும் ஒரே பக்கமாக 75 மி.மீ. தள்ளி விழுந்துவிட்டால், தூணுக்கு நெருங்கிய பக்கம் உள்ள ஒவ்வொரு பைலுக்கும் கூடுதலாக 5 டன் சேரும். 53 என்பது 58 ஆகும். அந்த இடைவெளி இதற்காகத்தான்.

பைலைச் சரிபார்ப்பது அன்றாடச் சுமையில். கான்கிரீட்டையும் கம்பியையும் சரிபார்க்க ஐ.எஸ். 456 சுமையை ஒன்றரை மடங்காக்கச் சொல்கிறது. தூண் 300 டன் இறக்குகிறது, ஒவ்வொரு பைலும் 75 டன் மேல்நோக்கித் தள்ளுகிறது. கேப்பின் சொந்த எடையை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த எடை கேப் முழுவதும் பரவியிருக்கிறது, தூண் வழியாக வரவில்லை.

இப்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பழைய பாடம் கேப்பைத் தலைகீழான உத்தரமாகப் பார்க்கச் சொல்லும். தூணின் முகத்தில் கேப் பிடிபட்டிருக்கிறது, வெளியே நீண்ட பகுதியைப் பைல்கள் மேல்நோக்கி வளைக்கின்றன. ஒரு பக்கம் இரண்டு பைல்கள், 150 டன். தூணின் முகத்திலிருந்து பைல் மையம் வரை 525 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் வளைவுத் திருப்புமை கிடைக்கும், அதிலிருந்து கம்பியின் அளவு வரும். 900 மி.மீ. கனத்தில் கவர், கம்பியின் தடிமன் போகப் பயன்படும் ஆழம் சுமார் 800 மி.மீ. எஃப்.இ. 500 கம்பிக்குக் கணக்குப் போட்டால் ஒரு திசையில் சுமார் 2300 சதுர மி.மீ. கம்பி போதும் என்று வருகிறது. குறைந்தபட்சக் கம்பி விதியே அதைவிட அதிகமாக, ஏறக்குறைய 2480 கேட்கிறது.

உத்தரக் கணக்கு ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. உத்தரம் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்து, வளையும்போது அதன் குறுக்குவெட்டு தட்டையாகவே இருக்க வேண்டும். இங்கே நீட்சி 525 மி.மீ., ஆழமோ 800 மி.மீ. இவ்வளவு குட்டையான, கனத்த உறுப்பு உத்தரம்போல வளையாது. 1990-ல் கனடாவில் பெரி அடெபார், டேனியல் குச்மா, மைக்கேல் காலின்ஸ் ஆகியோர் பெரிய அளவிலான ஆறு பைல் கேப்புகளைச் சோதித்து இதை அளந்தே காட்டினார்கள். சுமை தூணின் அடியிலிருந்து பைலின் தலைக்குச் சாய்வான கான்கிரீட் கால்கள் வழியாக நேராக இறங்குகிறது.

ஓட்டு வீட்டின் கூரையை நினைத்துக்கொள்ளலாம். முகட்டிலிருந்து சாய்ந்திறங்கும் கைமரங்கள் சுவரின் தலையை வெளிப்பக்கம் தள்ளும். இரு சுவர்களையும் இழுத்துப் பிடிக்கக் குறுக்கே ஒரு மரம் இல்லாவிட்டால் கூரை விரிந்து அமர்ந்துவிடும். பைல் கேப்பில் கைமரத்தின் வேலையைச் சாய்ந்த கான்கிரீட் செய்கிறது, குறுக்கு மரத்தின் வேலையை அடிக்கம்பி செய்கிறது.

இந்தப் படத்தை வைத்துக் கணக்குப் போடுவது கடினமல்ல. தூணின் அடியை நான்கு கால் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் மையத்திலிருந்தும் ஒரு சாய்ந்த கால் தன் மூலைப் பைலுக்கு இறங்குவதாகக் கொள்வோம். மூலைவிட்டத்தில் கிடைத்தூரம் சுமார் 900 மி.மீ., இறக்கம் 800 மி.மீ. கால் கிடைமட்டத்தோடு சுமார் 42 பாகை சாய்ந்திருக்கிறது. பைல் 75 டன் மேலே தள்ள, சாய்ந்த காலில் 113 டன் அமுக்கம் உண்டாகி, அதன் கிடைப்பகுதியாகிய 85 டன் பைலின் தலையை மூலைப் பக்கமாக வெளியே தள்ளுகிறது. சதுரத்தின் இரு பக்கங்களும் சேர்ந்து அதைத் தடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் 60 டன் இழுவிசை.

எந்தப் பக்கம்? ஒரு பைலையும் அடுத்த பைலையும் இணைக்கும் கோடு. கிளார்க்கின் சோதனை சொன்னது இதைத்தான். இழுவிசை பைலிலிருந்து பைலுக்கு ஓடுகிறது. இரு பைல்களுக்கும் நடுவே, தூணின் கீழே பரப்பிய கம்பிக்கு அந்த இழுவிசை நேராகப் போய்ச் சேராது. அவருக்கு 6 ஆண்டுகள் முன்பே பிரான்சில் ப்ளெவோ, ஃப்ரெமி இருவரும் நீண்ட சோதனைத் தொடரில் இதையே கண்டிருந்தார்கள்.

60 டன் இழுவிசைக்கு ஒரு பட்டையில் 1375 சதுர மி.மீ. கம்பி வேண்டும். 20 மி.மீ. கம்பி ஐந்து போட்டால் 1570, போதும். ஒரு திசையில் இரண்டு பட்டைகள் இருப்பதால் தேவை 2750 ஆகிறது. உத்தரக் கணக்கு தந்த 2300-ஐ விட இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். உத்தரக் கணக்கு தூணின் முகத்தோடு நிறுத்திக்கொள்கிறது, சாய்ந்த கால் தூணுக்குள்ளே சற்றுத் தள்ளித் தொடங்குகிறது. வேறுபாட்டுக்கு அதுவே காரணம். இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்வதே நல்லது.

ஆக, ஒவ்வொரு பைலின் தலைக்கு மேலும் ஐந்து 20 மி.மீ. கம்பிகள், 110 மி.மீ. இடைவெளியில். பட்டையின் அகலம் 440 மி.மீ., பைலின் விட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரு பட்டைகளுக்கு நடுவே ஒரு மீட்டருக்கு மேல் வெற்றிடம். அதை அப்படியே விட்டால் அங்கே கான்கிரீட்டில் விரிசல் அகலமாகத் திறக்கும். அதனால் நான்கு 16 மி.மீ. கம்பிகள், 210 மி.மீ. இடைவெளியில். மொத்தம் 3940 சதுர மி.மீ. இதில் பட்டைகளின் பங்கு 80 விழுக்காடு.  மறு திசையிலும் இதே கட்டு, முதல் அடுக்கின் மேல். நான்கு மூலைகளிலும் பட்டையும் பட்டையும் குறுக்கிடும் இடத்தின் நேர் கீழே ஒரு பைலின் தலை இருக்கும். வரைபடத்தில் இது மட்டும் சரியாகத் தெரிந்துவிட்டால் கம்பி கட்டுபவருக்கு விளக்கம் தேவையில்லை.

கனம் 900 சரிதானா என்ற கேள்விக்கு வருவோம். பைல் கேப்பின் கனத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஷியர், அதாவது வெட்டு விசை. வளைவில் தோற்கும் உறுப்பில் கம்பி முதலில் நீள்கிறது, விரிசல் தெரிகிறது, எச்சரிக்கை கிடைக்கிறது. ஷியரில் தோற்றால் தூணின் முகத்திலிருந்து பைலின் உள்விளிம்பை நோக்கி ஒரு சாய்ந்த விரிசல் சட்டென ஓடி, கேப் பிளந்துபோகும். கேப்போ மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. விரிசலை யாரும் பார்க்கப்போவதில்லை. மேலே தூண் இறங்கிச் சுவர்கள் வெடிக்கும்போதுதான் தெரியும். அதனால் இந்தச் சோதனையில் தாராளமாக இருப்பதற்கு இடமில்லை.

ஐ.எஸ். 456 சொல்லும் முறை இது. தூணின் முகத்திலிருந்து பயன்படும் ஆழத்தில் பாதித் தூரம் தள்ளி ஒரு செங்குத்து வெட்டு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வெட்டுக்கு வெளியே இருக்கும் பைல்கள் தள்ளும் விசையைத்தான் அந்த வெட்டு தாங்க வேண்டும். பைலின் மையம் வெட்டுக்கு வெளியே பைலின் அரை விட்டத்துக்கு மேல் இருந்தால் பைலின் முழு விசையையும் எடுக்க வேண்டும். அதே அளவு உள்ளே இருந்தால் எதுவும் எடுக்க வேண்டாம், இடைப்பட்டால் விகிதப்படி.

முதலில் மெல்லிய கேப்பைப் பார்ப்போம். கனம் 600 மி.மீ., ஆழம் 500. வெட்டு தூண் மையத்திலிருந்து 475 மி.மீ.யில் விழுகிறது. பைலின் மையம் 750-ல் இருக்கிறது, வெட்டுக்கு வெளியே 275. அரை விட்டமான 250-ஐத் தாண்டிவிட்டது. இரு பைல்களின் முழு 150 டன்னும் இந்த வெட்டின் மேல். கேப்பின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் பகிர்ந்தால் ஒரு சதுர மி.மீ.க்கு 1.30 நியூட்டன். எம் 30 கான்கிரீட், இந்த ஆழத்துக்குத் தேவைப்படும் கம்பியோடு, விதிநூலின் அட்டவணைப்படி தாங்குவது 0.41 மட்டுமே. மூன்று மடங்கு பற்றாக்குறை.

இப்போது 900. ஆழம் 800, வெட்டு மையத்திலிருந்து 625-க்கு நகர்கிறது. பைல் மையம் அதற்கு வெளியே 125 மி.மீ. மட்டுமே. விகிதப்படி பைல் விசையில் முக்கால் பங்கு, 112 டன். அழுத்தம் 0.61 நியூட்டன். கனம் ஒன்றரை மடங்கானபோது அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது, ஏனென்றால் கனம் கூடும்போது வெட்டும் பைலை நோக்கி நகர்கிறது. ஆனால் அட்டவணை தருவது 0.34. இன்னும் போதவில்லை.

இந்த இடத்தில்தான் வடிவமைப்பாளர்கள் இரண்டு வழிகளில் பிரிகிறார்கள். அட்டவணை மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்பவர் கனத்தைக் கூட்டிக்கொண்டே போவார். கேப் 1200 மி.மீ.யை நெருங்கும்போதுதான் கணக்கு ஒத்துவரும். கான்கிரீட் மூன்றில் ஒரு பங்கு கூடும், குழியும் அந்த அளவு ஆழமாகும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடங்களில் கூடுதலான ஒவ்வொரு அடிக்கும் நீரை இறைக்க வேண்டும்.

இன்னொரு வழி ஐ.எஸ். 456-க்குள்ளேயே இருக்கிறது. சுமை தாங்கிக்கு மிக அருகில் இருந்தால் கான்கிரீட் அட்டவணையைவிட அதிகம் தாங்கும் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆழத்தின் இரண்டு மடங்கை, தாங்கிக்கும் வெட்டுக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, அந்த விகிதத்தில் அட்டவணை மதிப்பைப் பெருக்கலாம். இதற்குக் காரணம் சாய்ந்த கால்தான். சுமை தாங்கிக்கு நெருங்க நெருங்கக் கால் செங்குத்தாகிறது, நேராக இறங்குகிறது, கான்கிரீட்டை வெட்டுவதில்லை. இந்தச் சலுகை உத்தரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, பைல் கேப்புக்கு அப்படியே எடுக்கக் கூடாது என்று தயங்குபவர்கள் உண்டு. அவர்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. தூரத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதை அந்த விதி பைல் கேப்புக்கென்று தெளிவாக்கவில்லை. தூரத்தைக் குறைத்து அளந்தால் பெருக்கம் செயற்கையாக ஏறிவிடும்.

பழைய பிரிட்டிஷ் விதிநூலான பி.எஸ். 8110 இதற்கு ஒரு நேர்மையான அளவு வைத்திருந்தது. பைலின் உள்விளிம்பிலிருந்து விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு உள்ளே போய் வெட்டைப் போட வேண்டும், அதற்குத் தூண் முகத்திலிருந்து உள்ள தூரத்தை எடுக்க வேண்டும், பைலின் முழு விசையையும் சுமத்த வேண்டும். நம் கேப்பில் அந்தத் தூரம் 375 மி.மீ. சலுகை பைலை மையமாகக் கொண்டு மூன்று விட்ட அகலத்துக்குள் மட்டுமே செல்லும். பைல்களின் இடைவெளி மிகச் சரியாக மூன்று விட்டமாக இருப்பதால் நமக்கு அது முழு அகலத்துக்கும் கிடைக்கிறது.

இந்த அளவுகோலில் மறுபடி இரண்டையும் நிறுத்திப் பார்ப்போம். 600 மி.மீ. கேப்பில் பெருக்கம் 2.67, தாங்கும் திறன் 1.09, வந்து விழுவது 1.30. சலுகை கொடுத்தும் தோற்கிறது. 900 மி.மீ. கேப்பில் பெருக்கம் 4.27, திறன் 1.45. முழு 150 டன்னைச் சுமத்தினாலும் அழுத்தம் 0.82. நல்ல இடைவெளியோடு தேறுகிறது. சாய்வும் அதையே சொல்கிறது: மெல்லிய கேப்பில் கால் 29 பாகையில் படுத்துவிடும், கனத்த கேப்பில் 42 பாகையில் நிற்கும். எனவே 900 மி.மீ. போதும், 1200-க்குப் போகத் தேவையில்லை. ஆனால் அந்த முடிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சாய்ந்த காலை நம்பித்தான் கனத்தைக் குறைத்தோம் என்றால், அந்தக் காலின் அடியை இழுத்துப் பிடிக்கும் கம்பியையும் அந்தக் கணக்கின்படியே கட்ட வேண்டும். ஷியருக்கு ஒரு கோட்பாடு, கம்பிக்கு இன்னொன்று என்று வசதிப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு ஷியர் சோதனை, பஞ்சிங். தூண் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுமா என்பது. தூணைச் சுற்றி 400 மி.மீ. தள்ளி ஒரு சதுரம் வரைந்தால் சுற்றளவு 5 மீட்டர். அதன் வழியே 300 டன் போனால் அழுத்தம் 0.75. எம் 30 கான்கிரீட்டுக்கு எல்லை 1.37. பைல் தன் மூலையைக் கீழிருந்து மேலாகத் துளைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். மூலையில் கான்கிரீட் இரு பக்கங்களில் முடிந்துவிடுவதால் முழு வட்டத்தை எண்ணக் கூடாது. உள்பக்கக் கால் வட்டத்தையும் விளிம்புவரை போகும் இரண்டு நேர்கோடுகளையும் மட்டும் எடுத்தால் சுற்றளவு 1.8 மீட்டர், அழுத்தம் 0.51. இரண்டும் எளிதில் தேறுகின்றன. இவ்வளவு நெருக்கமான பைல்களில் பஞ்சிங் அரிதாகவே கனத்தைத் தீர்மானிக்கும்.

கனடா சோதனை இன்னொன்றையும் காட்டியது. சாய்ந்த கால்கள் நசுங்கித் தோற்கவில்லை, நீளவாக்கில் பிளந்து தோற்றன. நடுவில் விரிந்து கொடுக்கும் அமுக்கம் பக்கவாட்டில் இழுவிசையை உண்டாக்குகிறது. அதனால் தூணின் அடியில் கான்கிரீட்டின் மேல் விழும் அழுத்தத்தை மட்டுப்படுத்தச் சொன்னார்கள். நம் தூணின் கீழே அது ஒரு சதுர மி.மீ.க்கு 14.8 நியூட்டன். ஐ.எஸ். 456 இந்தப் பரவலுக்கு 27 வரை அனுமதிக்கிறது. கேப்பின் பக்கங்களைச் சுற்றி 200 மி.மீ. உயரத்துக்கு ஒன்றாக 12 மி.மீ. ரிங் கட்டும் வழக்கமும் இங்கே கைகொடுக்கும். மேல்புறத்தில் 12 மி.மீ. வலை, கான்கிரீட் காயும்போது வரும் சுருக்க விரிசலுக்காக.

கம்பியின் நுனிக்கு வருவோம். தளத்தில் அதிகம் பிழைபடுவது இதுதான். உத்தரக் கணக்கில் கம்பியின் இழுவிசை தூண் முகத்தில் உச்சம், பைலை நோக்கிப் போகப் போகக் குறைந்து நுனியில் ஒன்றுமில்லாமல் போகும். அதை நம்புபவர் கம்பியை விளிம்புவரை நேராகக் கொண்டுபோய்ச் சிறிதாக மடக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார். சாய்ந்த கால் கணக்கில் அப்படி இல்லை. 60 டன் பைலின் தலையிலேயே முழுதாக இருக்கிறது. அதற்கு அப்பால்தான் கம்பி கான்கிரீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

எம் 30 கான்கிரீட்டில் 20 மி.மீ. கம்பிக்கு முழுப்பிடிப்பு நீளம் 906 மி.மீ. நாம் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகக் கம்பி போட்டிருப்பதால் 793 போதும். பைல் மையத்திலிருந்து கேப்பின் விளிம்பு 400 மி.மீ., பக்கக் கவர் 75 போனால் 325. மீதி 470 மி.மீ.க்கு இடமே இல்லை, மேலே திரும்பியாக வேண்டும். எனவே ஒவ்வொரு பட்டைக் கம்பியும் இரு முனைகளிலும் செங்குத்தாக வளைந்து 600 மி.மீ. உயரத்துக்கு எழ வேண்டும். பெரிய எல் வடிவம். கம்பி வெட்டும்போது மிச்சம் பிடிப்பதற்காக இந்தக் காலை 200 மி.மீ.யாகக் குறைப்பதைப் பல தளங்களில் காணலாம். கம்பியின் எண்ணிக்கை சரியாக இருக்கும், விட்டம் சரியாக இருக்கும், படத்தோடு ஒப்பிட்டு எண்ணுபவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் பைலின் தலையில் அந்தக் கம்பியால் 60 டன் இழுக்க முடியாது.

அடிக்கவர் பற்றியும் ஒரு சொல். பைலின் தலையை உடைத்துச் சீராக்கி, அதன் கம்பிகளை நீட்டி விட்டு, சுற்றிலும் 75 மி.மீ. பி.சி.சி. போட்ட பின், பைல் கேப்புக்குள் 50 மி.மீ. நுழைந்திருக்க வேண்டும். அடிக்கம்பிக்கு 75 மி.மீ. கவர் வைத்தால் அது பைல் தலைக்கு 25 மி.மீ. மேலே போகும். உடைக்கும் வேலை அவசரத்தில் நடந்து தலை 100 மி.மீ. உயர்ந்து நின்றால் கம்பி அதன் மேல் ஏறி உட்கார்ந்து, ஆழம் குறையும். குறைவாக உடைத்ததில் இன்னொரு கேடும் உண்டு. துளைக்குள் நீரிலோ பென்டோனைட் குழம்பிலோ வார்த்த பைலின் மேல்பகுதி சேறும் சிமென்ட் பாலும் கலந்து வலுவிழந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் மந்தமான ஒலி வரும், ஜல்லி உதிரும். கெட்டியான கான்கிரீட் தெரியும் வரை உடைத்த பிறகே கேப்.

கடைசியாக, ஒரு பைல் மட்டும் பிசகி விழுந்தால்? நான்கில் ஒன்று 150 மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அனுமதியைப் போல இரண்டு மடங்கு. சுமைக் கணக்கை மறுபடி போட்டால் எதிர்ப்பக்கப் பைல்களுக்குத் தலா 55.5 டன் வருகிறது. 60-க்குள்தான். இங்கேயே நிறுத்திவிட்டுப் பரவாயில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் கேப்பைப் பழைய அளவிலேயே வார்த்தால் அந்தப் பைலின் விளிம்பும் கேப்பின் விளிம்பும் ஒன்றாகிவிடும். நீண்டிருக்க வேண்டிய 150 மி.மீ. கான்கிரீட் இல்லை. கம்பிக்குப் பைல் மையத்துக்கு அப்பால் 325 அல்ல, 175 மி.மீ. மட்டுமே கிடக்கும். தூண் முகத்திலிருந்து ஷியர் தூரம் 375-லிருந்து 525 ஆகி, பெருக்கம் 4.27-லிருந்து 3-க்கு இறங்கும். ஷியர் இன்னும் தேறும், கம்பியின் பிடிப்பு தேறாது. கேப்பை அந்தப் பக்கம் 150 மி.மீ. அகலப்படுத்தி, பட்டையைப் பைல் நிற்கும் இடத்துக்கு நகர்த்தி, கம்பியை அந்த அளவு நீட்ட வேண்டும்.

கம்பி ஏற்கெனவே வெட்டி வளைத்து அடுக்கப்பட்டிருந்தால் இது நடக்காது. ஆகவே பைல்கள் முடிந்ததும், தலைகளை உடைத்த கையோடு, ஒவ்வொரு பைலின் மையத்தையும் டோட்டல் ஸ்டேஷன் வைத்து அளந்து, அந்த அளவுகளை வடிவமைப்பாளருக்கு அனுப்பி, திருத்திய வரைபடம் கைக்கு வந்த பிறகே கம்பி வெட்டத் தொடங்க வேண்டும். இதனால் இரண்டு மூன்று நாள் தாமதமாகலாம். பார் பெண்டர் குழுவை அந்த நாட்களில் வேறு தூணுக்கு அனுப்பிவிடலாம்.